ஒரே அட்டவணை, நான்கு விடைகள்
(குவிவு நிகழ்வெண்ணும் இடைநிலையும் பற்றிய சிறு விளக்கம்)

விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி சாலைக்குச் சற்று உள்ளடங்கிய ஒரு மாடி அறை. அதில் நம் மாணவர் மூவர் கூடிக் குடியிருக்கின்றனர். சென்ற ஞாயிறன்று மாலை அவர்களைக் காணச் சென்றேன். தேநீர் கிடைக்கும் என்ற ஆசை ஒரு காரணம். தமிழ் பேசலாம் என்பது மற்றொன்று. ஆனால் நான் படியேறும்போதே உள்ளிருந்து பெருங்கூச்சல். வீட்டு வாடகையைப் பற்றிய பூசலோ என்று அஞ்சினேன். இல்லை, புள்ளியியல் வீட்டுப் பாடத்தைப் பற்றிய பூசல்.

"அண்ணே, நல்ல நேரத்தில் வந்தீர்கள். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்று தஞ்சைத் தம்பி தாளை நீட்டினார். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியரின் வயதுப் பிரிவுகள் ஓர் அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. குவிவு நிகழ்வெண்களைக் கண்டு, இடைநிலை வயதைக் கணக்கிட வேண்டும் என்பது கேள்வி. தஞ்சைத் தம்பிக்கு வந்த விடை 24.45. நாகர்கோவில் நண்பருக்கு 25.05. சேலத்துக்காரருக்கு 19.95. மூவரும் ஒரே சூத்திரத்தைத்தான் கையாண்டிருந்தனர். பெருக்கலிலும் வகுத்தலிலும் எவரும் பிழை செய்யவில்லை. அப்படியிருந்தும் விடைகள் மூன்று, மூன்றும் தவறு!

நான்காவது விடை எது, மூவரும் எங்கே சறுக்கினர் என்பதை அன்று அவர்களுக்குச் சொன்னேன். நம் கழகத்தில் இப்பாடத்தை எடுத்திருக்கும் மற்றவர்களுக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டவணையைப் பார்ப்போம். எண்கள் யாவும் இலட்சத்தில் உள்ளன. முழு இலட்சத்துக்குத் திருத்தப்பட்டவை. மூன்றாம் பத்தி நாமே நிரப்பியது.

| வயது | நிகழ்வெண் | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|
| 0–4 | 1128 | 1128 |
| 5–9 | 1269 | 2397 |
| 10–14 | 1327 | 3724 |
| 15–19 | 1205 | 4929 |
| 20–24 | 1114 | 6043 |
| 25–29 | 1014 | 7057 |
| 30–34 | 886 | 7943 |
| 35–39 | 851 | 8794 |
| 40–44 | 724 | 9518 |
| 45–49 | 623 | 10141 |
| 50–54 | 491 | 10632 |
| 55–59 | 391 | 11023 |
| 60–64 | 377 | 11400 |
| 65–69 | 265 | 11665 |
| 70–74 | 192 | 11857 |
| 75–79 | 92 | 11949 |
| 80-உம் மேலும் | 113 | 12062 |
| வயது தெரிவிக்காதோர் | 45 | – |

குவிவு நிகழ்வெண் என்பது என்ன?

வகுப்பில் "க்யூமுலேடிவ் ஃப்ரீக்வென்சி" என்று சொல்லக் கேட்டு மலைத்துப் போகிறோம். பொருள் மிக எளிது. நாட்டு மக்கள் அனைவரையும் வயது வாரியாக ஒரே வரிசையில் நிறுத்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். வரிசையின் தலைப்பில் நேற்றுப் பிறந்த குழந்தை. கடைசியில் நூறு கண்ட பாட்டி. தலைப்பிலிருந்து எண்ணிக்கொண்டே வருகிறோம். முதல் பிரிவு முடியும் இடத்தில் 1128 இலட்சம் பேர் கடந்திருப்பர். அடுத்த பிரிவின் 1269 இலட்சத்தையும் சேர்த்தால் 2397. இவ்வாறு ஒவ்வொரு பிரிவு முடியும்போதும் இதுவரை எத்தனை பேரைக் கடந்தோம் என்று எழுதி வைப்பதே குவிவு நிகழ்வெண்.

இங்கே மாணவர் பலர் கவனியாது விடும் ஒன்று உண்டு. குவிவு எண் பிரிவின் தொடக்கத்துக்கு உரியதன்று, நடுவுக்கு உரியதுமன்று, பிரிவின் முடிவுக்கு உரியது. 20–24 என்ற வரியில் 6043 என்று எழுதியிருந்தால், "25 வயது நிறையாதவர்கள் 6043 இலட்சம் பேர்" என்று அதைப் படிக்க வேண்டும். வளைவு வரையும்போதும் 6043-ஐ 25-க்கு நேரே புள்ளியிட வேண்டும். 20-க்கு நேரே புள்ளியிட்டால் வளைவு முழுவதும் ஐந்தாண்டு இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

கூட்டல் சரிதானா என்று சோதிக்கவும் எளிய வழி உண்டு. கடைசிக் குவிவு எண், நிகழ்வெண்கள் அனைத்தின் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். வயது தெரிவிக்காதோரை விட்டுவிட்டு, நிகழ்வெண் பத்தியைக் கீழிருந்து மேலாகத் தனியே ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 12062 வரவில்லையெனில், எங்கோ ஓர் இலக்கம் தவறியிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் மேலே போவது, அடித்தளம் பாராமல் மாடி கட்டுவதைப் போன்றது.

நடு ஆள் எங்கே நிற்கிறார்?

இடைநிலை என்பது வரிசையின் சரிபாதியில் நிற்பவரின் வயது. அவருக்கு முன்னே பாதிப் பேர், பின்னே பாதிப் பேர். மொத்தம் 12062 எனில் பாதி 6031. வகுப்பில் சில சமயம் மொத்தத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கச் சொல்வார்கள். பத்து மாணவரின் மதிப்பெண்களைத் தனித்தனியே அடுக்கும்போது அது பொருந்தும். தொகுத்த அட்டவணையில் நாம் ஆளைத் தேடவில்லை. மக்கள் தொகையை இரு கூறாக்கும் கோட்டைத் தேடுகிறோம். ஆகையால் பாதி மட்டுமே போதும்.

இனிக் குவிவுப் பத்தியில் மேலிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். 6031-ஐ முதன்முதலாக எட்டும் அல்லது தாண்டும் எண் எது? 4929 போதவில்லை. அடுத்த 6043 தாண்டிவிட்டது. எனவே நடு ஆள் 20–24 என்னும் பிரிவுக்குள் நிற்கிறார். இதுவே இடைநிலைப் பிரிவு. நிகழ்வெண் மிகப் பெரிதாக இருக்கும் பிரிவே இடைநிலைப் பிரிவு என்று சிலர் கருதுவதுண்டு. இங்கே மிகப் பெரிய எண் 1327. அது 10–14 வயதினருடையது. அது முகட்டுப் பிரிவு. அதற்கும் நடு ஆளுக்கும் தொடர்பில்லை.

சூத்திரத்தின் பொருள்

பிரிவு தெரிந்தது, பிரிவுக்குள் எவ்விடம்? 20 வயதை எட்டும் முன்பே 4929 இலட்சம் பேரைக் கடந்துவிட்டோம். பாதியை எட்ட இன்னும் 6031 − 4929 = 1102 இலட்சம் பேரைக் கடக்க வேண்டும். இந்தப் பிரிவில் இருப்போர் 1114 இலட்சம். ஆகவே பிரிவின் நீளத்தில் 1102/1114 பங்கு தூரம் நடக்க வேண்டும். பிரிவின் நீளம் ஐந்து ஆண்டு. ஐந்தை அப்பங்கால் பெருக்கினால் 4.95 வருகிறது. தொடக்கமான 20-ஐக் கூட்டினால் 24.95.

சூத்திரம் இதைத்தான் சுருக்கிச் சொல்கிறது:

M = L + ((N/2 − m) / f) × c

L என்பது இடைநிலைப் பிரிவின் கீழ் எல்லை; N மொத்தம்; m அப்பிரிவுக்கு முந்தைய குவிவு நிகழ்வெண்; f அப்பிரிவின் நிகழ்வெண்; c பிரிவின் நீளம். வரிசையில் நடந்துபோகும் காட்சியை நினைவில் வைத்திருப்பவர் இந்தச் சூத்திரத்தை மறந்தாலும் மீண்டும் எழுதிக்கொள்ள முடியும். காட்சியின்றி எழுத்துகளை மட்டும் உருப்போட்டவர் m எது, f எது என்று தேர்வு மண்டபத்தில் திணறுவார்.

சேலத்துக்காரரின் 19.95

அவர் செய்தது அதுவே. m என்ற இடத்தில் முந்தைய வரியின் 4929-ஐப் போடாமல், அதே வரியின் 6043-ஐப் போட்டுவிட்டார். 6031-லிருந்து 6043 கழிந்தால் −12. அதை 1114-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்கி, 20-உடன் சேர்த்தபோது 19.95 கிடைத்தது.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஆசிரியர் தேவையில்லை, விடையே காட்டிக்கொடுத்துவிடும். நடு ஆள் 20–24 பிரிவில் இருக்கிறார் என்று நாமே முடிவு செய்திருக்கிறோம். பிறகு அவருக்கு 19.95 வயது எப்படி இருக்க முடியும்? இடைநிலை எப்போதும் இடைநிலைப் பிரிவுக்குள்ளேயே விழ வேண்டும். நடுவில் கழித்தல் குறி தோன்றினாலும், பின்னம் ஒன்றைவிடப் பெரிதானாலும், அங்கேயே நின்று m-ஐத் திரும்பப் பார்க்க வேண்டும். "அட, இவ்வளவுதானா!" என்று நண்பர் தலையில் தட்டிக்கொண்டார்.

தஞ்சைத் தம்பியின் 24.45

இது சற்று நுட்பமான பிழை. தம்பி சொன்னார்: "அண்ணே, ஒரு பிரிவு 19-இல் முடிகிறது, அடுத்தது 20-இல் தொடங்குகிறது. நடுவில் இடைவெளி இருக்கிறதே! அரை கழித்து அரை கூட்ட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்களே. அதனால்தான் 19.5 என்று போட்டேன்."

வகுப்பில் சொன்னதும் உண்மைதான். ஆனால் எல்லா இடத்துக்கும் அன்று. ஒரு மாணவனின் உயரத்தை அளந்து, அருகிலுள்ள முழு செண்டிமீட்டருக்குத் திருத்தி எழுதுகிறோம் என்று கொள்வோம். 160 என்று எழுதப்பட்டவன் உண்மையில் 159.5 முதல் 160.5 வரை எங்கும் இருக்கலாம். ஆகையால் 160–164 என்ற பிரிவின் உண்மையான எல்லைகள் 159.5-உம் 164.5-உம் ஆகும். அங்கே அரையைக் கழிப்பது சரி.

வயதை நாம் அவ்வாறு எழுதுவதில்லை. 19 ஆண்டும் 11 மாதமும் ஆன ஒருவரை வயது கேட்டால், "பத்தொன்பது" என்பார். இருபது என்று திருத்திச் சொல்லமாட்டார். கணக்கெடுப்பிலும் நிறைவுற்ற ஆண்டுகளே வயதாகப் பதிவாகின்றன. ஆகவே 15–19 என்பது 15 நிறைந்ததிலிருந்து 20 நிறைவதற்கு முன்வரை. அது சரியாக 20-இல் முடிகிறது. அடுத்தது அதே 20-இல் தொடங்குகிறது. அச்சில் மட்டுமே இடைவெளி, உண்மையில் இல்லை. அரையைக் கழித்தால் நாட்டு மக்கள் அனைவரின் வயதையும் ஆறு மாதம் குறைத்துவிடுகிறோம்! முதல் பிரிவைப் பாருங்கள்: அரை கழித்தால் அது −0.5-இல் தொடங்கும். பிறப்பதற்கு ஆறு மாதம் முன்னரே ஒருவர் கணக்கில் வந்துவிடுவார். அந்த ஒரு வரியே தம்பியை எச்சரித்திருக்க வேண்டும்.

ஆகவே எல்லையைத் திருத்துவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த எண்கள் அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தப்பட்டவையா, அல்லது மிச்சத்தை வெட்டிவிட்டு எழுதப்பட்டவையா? திருத்தப்பட்டவையெனில் அரையைக் கழிக்க. வெட்டப்பட்டவையெனில் அப்படியே விடுக. எவ்வகையாயினும் பிரிவின் நீளம் ஐந்துதான். 24-லிருந்து 20-ஐக் கழித்து நான்கு என்று போடுபவரும் உண்டு. 20, 21, 22, 23, 24 என்று விரல்விட்டு எண்ணினால் ஐந்து வயதுகள் இருப்பது விளங்கும்.

நாகர்கோவில் நண்பரின் 25.05

மூன்றிலும் சுவையானது இதுவே. நண்பர் எல்லையைச் சரியாக எடுத்தார். m-ஐயும் சரியாக எடுத்தார். ஆனால் மொத்தம் என்று வந்தபோது, அட்டவணையின் அடியில் இருந்த "வயது தெரிவிக்காதோர் 45" என்பதையும் சேர்த்து 12107 என்று கொண்டார். பாதி 6053.5 ஆயிற்று. அது 6043-ஐத் தாண்டிவிட்டதால் இடைநிலைப் பிரிவே மாறி, 25–29-க்குப் போய்விட்டது. அங்கே 10.5-ஐ 1014-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்க, 0.05. ஆக 25.05.

"அவர்களும் நாட்டு மக்கள்தானே? எப்படி விலக்குவது?" என்று நண்பர் வாதாடினார். நியாயமான கேள்வி. ஆனால் அவர் அறியாமலே என்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். 45 இலட்சம் பேரை மொத்தத்தில் சேர்த்தார். எந்த வயதுப் பிரிவிலும் சேர்க்கவில்லை. வரிசையில் அவர்களுக்கு இடம் எங்கே? முன்னே எங்கும் நிறுத்தாததால், அனைவரும் வரிசையின் கடைசியில், எண்பது வயதுக்காரர்களுக்கும் பின்னே போய் நிற்கின்றனர். வயது சொல்லாத ஒவ்வொருவரையும் தாத்தாவாகவும் பாட்டியாகவும் ஆக்கிவிட்டார் நண்பர்!

வயது தெரியாதவரை வயது வரிசையில் நிறுத்த வழியில்லை. ஆகவே அவர்களை விலக்கிவிட்டு, தெரிந்தவர்களைக்கொண்டே மொத்தத்தைக் கணக்கிடுவது முறை. இதன் உட்பொருள், அந்த 45 இலட்சம் பேரும் மற்றவர்களைப் போலவே எல்லா வயதிலும் கலந்திருக்கிறார்கள் என்று கொள்வதே. இது ஓர் ஊகம்தான். ஊகம் தவறினால் விடை எவ்வளவு மாறும்? அதையும் கணக்கிட்டுவிடலாம். அவர்கள் அனைவரும் முதியோர் என்றால் விடை 25.05, அதை நண்பரே கண்டுவிட்டார். அனைவரும் 20-க்குக் குறைந்தவர்கள் என்று கொண்டால் முந்தைய குவிவு எண் 4974 ஆகும், விடை 24.85 வரும். உண்மை இவ்விரண்டுக்கும் இடையில் இருந்தாக வேண்டும். பத்தில் இரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிட்டது! தெரியாதவரைப் பற்றி ஒன்றும் அறியாமலே, அவர்களால் விளையக்கூடிய பிழையின் அளவை அறிந்துகொண்டோம்.

24.95 என்பதை எவ்வளவு நம்பலாம்?

விடை கிடைத்தவுடன் அடிக்கோடிட்டு மூடிவிடுவது நம் வழக்கம். ஆனால் இந்தக் கணக்கினுள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. 20 முதல் 25 வரையுள்ள 1114 இலட்சம் பேரும் அந்த ஐந்தாண்டுகளில் ஒரே சீராகப் பரவியிருக்கின்றனர் என்று கொண்டே பின்னத்தைப் பெருக்கினோம். அது உண்மையா?

சோதித்துப் பார்ப்போம். 15–19, 20–24, 25–29 ஆகிய மூன்று பிரிவுகளையும் ஒன்றாக்கி, 15–29 என்ற ஒரே பிரிவாகத் தந்திருந்தால் என்ன ஆகும்? நிகழ்வெண் 3333, முந்தைய குவிவு 3724, நீளம் பதினைந்து. 6031-லிருந்து 3724-ஐக் கழித்தால் 2307. அதை 3333-ஆல் வகுத்துப் பதினைந்தால் பெருக்கினால் 10.38. விடை 25.38. அதே மக்கள், அதே சூத்திரம். ஆயினும் ஐந்து மாதத்துக்கு மேல் வேறுபாடு. காரணம், அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மக்கள் சீராகப் பரவியிருக்கவில்லை. இளையோர் மிகுதி, மூத்தோர் குறைவு. அகன்ற பிரிவு இந்தச் சரிவை மறைத்துவிட்டது. பிரிவு எவ்வளவு அகலமோ, அவ்வளவு இந்த அனுமானத்தின் தீமையும் அதிகம்.

நம் 24.95-க்கு ஒரு நற்பேறு உண்டு. பாதிக் கோடு 6031. 25 வயதின் குவிவு எண் 6043. இரண்டுக்கும் இடையே 12 இலட்சமே. எனவே பிரிவுக்குள் மக்கள் எப்படிப் பரவியிருந்தாலும், நடு ஆள் 25-க்கு மிக அருகில்தான் நிற்க வேண்டும். பாதிக் கோடு பிரிவின் நடுவில் விழுந்திருந்தால் இந்த உறுதி நமக்குக் கிடைத்திராது.

மற்றொரு குறை சூத்திரத்தினுடையதன்று, நம் மக்களுடையது. நம் நாட்டில் வயது கேட்டால் பலர் 20, 25, 30 என்று முழுமையாகச் சொல்லிவிடுவர். நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்: "அறுபது இருக்கும் தம்பி" என்பார்களேயன்றி, அறுபத்திரண்டு என்று சொல்வோர் அரிது. ஆகையால் தனித்தனி வயதாக அச்சிட்ட கணக்குகளில் 0-இலும் 5-இலும் முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்தும், அவற்றின் அண்டை வயதுகளில் குறைந்தும் காணப்படும். 24 வயதுள்ள ஒருவர் 25 என்று சொன்னால், 20–24-இலிருந்து 25–29-க்குத் தாவிவிடுகிறார். 26 வயதுள்ளவர் 25 என்று சொன்னாலோ பிரிவு மாறுவதில்லை. ஆக, தாவல் ஒரே திசையில் நிகழ்கிறது. 25 வயது நிறையாதோர் உண்மையில் 6043-ஐவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும், இடைநிலையும் 24.95-ஐவிடச் சிறிது குறைவாக இருக்கக்கூடும்.

ஆதலால் தாளில் 24.95 என்று எழுதுங்கள். மனத்தில் "ஏறக்குறைய 25" என்று கொள்ளுங்கள். எங்கேனும் 2011-இல் இந்தியரின் இடைநிலை வயது 24 என்று எழுதியிருக்கக் கண்டால் மிரளவும் வேண்டாம். நிறைவுற்ற ஆண்டில் சொன்னால் நடு ஆளுக்கு வயது 24-தான்.

சராசரியைக் கேட்கக் கூடாதா?

"இவ்வளவு தொல்லை எதற்கு? சராசரியைக் கேட்டிருந்தால் கூட்டி வகுத்திருப்போமே" என்றார் சேலத்துக்காரர். சராசரி காண ஒவ்வொரு பிரிவின் நடுப்புள்ளியும் வேண்டும். கடைசிப் பிரிவைப் பாருங்கள்: "80-உம் மேலும்". இது எங்கே முடிகிறது? 90-இலா, 100-இலா? மேல் எல்லை இல்லாத பிரிவுக்கு நடுப்புள்ளி ஏது? நாமே ஒன்றைக் கற்பித்துக்கொள்ள வேண்டும். இடைநிலைக்கு அந்தத் தேவையே இல்லை. கடைசிப் பிரிவில் 113 இலட்சம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும். அவர்கள் 81 வயதினரா, 101 வயதினரா என்பது நடு ஆளின் இடத்தை அணுவளவும் மாற்றாது.

அதோடு, ஒருமுறை குவிவுப் பத்தியை எழுதிவிட்டால் அது பல கேள்விகளுக்கு விடை தரும். பாதிக்குப் பதிலாகக் கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள்: 12062-இல் கால் பங்கு 3015.5. அது 10–14 பிரிவில் விழுகிறது. 2397-ஐக் கழித்து, 1327-ஆல் வகுத்து, அதே வழியில் போனால் 12.33. முக்கால் பங்கு 9046.5, அது 40–44-இல் விழுந்து 41.74 தருகிறது. அதாவது 2011-இல் இந்தியரில் நால்வரில் ஒருவர் ஏறக்குறைய 12 வயதுக்குக் கீழே. நால்வரில் ஒருவர் ஏறக்குறைய 42-க்கு மேலே. இடையில் நடு ஆள் 25-இல். கால் பங்கிலிருந்து நடுவுக்குப் பன்னிரண்டரை ஆண்டு. நடுவிலிருந்து முக்காலுக்கு ஏறத்தாழ பதினேழு ஆண்டு. மேற்பாதி நீண்டு கிடப்பதை, படம் வரையாமலே இம்மூன்று எண்களும் சொல்லிவிடுகின்றன.

படம் வரைய விரும்புவோர் வரையலாம். வரைபடத் தாளில் கிடைக்கோட்டில் 5, 10, 15 என்று பிரிவுகளின் மேல் எல்லைகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேரே குவிவு எண்ணைப் புள்ளியிட்டு இணைத்தால் ஏறிச் செல்லும் வளைவு கிடைக்கும். இதற்கு "ஓஜைவ்" என்று பெயர் வைத்தவர் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்டன். 6031 உயரத்தில் குறுக்கே ஒரு கோடிட்டு, அது வளைவைத் தொடும் இடத்திலிருந்து கீழே இறக்கினால் 25-ஐ ஒட்டி இறங்கும். கணக்கில் வந்த விடையைக் கண்ணால் சரிபார்க்க இது நல்ல வழி. 19.95 என்று எழுதியவர் இப்படத்தை வரைந்திருந்தால், தம் கோடு ஐந்தாண்டு தள்ளி இறங்குவதைத் தாமே கண்டிருப்பார்.

இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. மூவரும் தத்தம் தாளை அடித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினர். தஞ்சைத் தம்பி மட்டும் எழுதுகோலை வைத்துவிட்டு, "அண்ணே, எனக்கு வயது 24 ஆண்டும் 11 மாதமும். அப்படியானால் அந்த வரிசையில் நடு ஆளாக நின்றிருக்கக் கூடியவன் நான்தானே?" என்றார்.

"2011-இல் உனக்கு இந்த வயது இருந்திருந்தால் நின்றிருப்பாய். இப்போது வரிசை நகர்ந்துவிட்டது. உனக்குப் பின்னே நிற்பவர்களைவிட முன்னே நிற்பவர்கள் குறைந்திருப்பார்கள். எவ்வளவு என்பதை அடுத்த கணக்கெடுப்பின் வயது அட்டவணை வந்ததும் நீயே குவித்துப் பார்" என்று சொல்லி, ஆறிப்போயிருந்த தேநீரைக் குடித்துவிட்டு இறங்கினேன்.